கேட்டுக்கு வெளியேதான் சொல்லலாம்

என் கணவரின் சித்தப்பாவுக்குச் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை இருக்கிறது. அவரை நான் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். அவருடைய ஆபீஸ் அறையில் சில சொற்களைச் சொல்லக் கூடாது. தீ கூடாது. காயம் கூடாது. வெந்தது, கருகியது, ஆபரேஷன், விபத்து எதுவும் கூடாது. தீப்பெட்டியைக்கூட அங்கே 'பெட்டி' என்றுதான் கேட்பார்கள். கூடாத எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர்கள் வைத்திருக்கும் சொல் 'சங்கடம்'. ஆள் செத்தாலும் சங்கடம், அறையே பெயர்ந்து போனாலும் சங்கடம். தீபாவளியை மட்டும் தாராளமாகச் சொல்லலாம். அது வியாபாரம்.

கல்யாணமாகி வந்த புதிதில் இது எனக்குப் பாந்தமாகத்தான் தெரிந்தது. பயத்தோடு தொழில் செய்கிறவர்கள், வாயில் நல்ல சொல்லாக வரட்டும் என்று நினைக்கிறார்கள், அதிலென்ன என்று நினைத்தேன். இப்போது 'சங்கடம்' என்று கேட்டாலே எழுந்து போய்விடத் தோன்றுகிறது.

நான் வளர்ந்தது சத்தீஸ்கரில், அப்பா வேலை பார்த்த இரும்பாலை ஊரில். தெருவில் விளையாடி வந்த இந்தி என்னுடையது. அந்த இந்தியை வைத்துத்தான் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வடநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். சாமி படம் எந்தப் பக்கம், கடைப் பெயர் எம்புட்டுப் பெரிசு என்று போனில் பேசித் தீர்க்கும் வேலை. அதில் படித்த பாடம் ஒன்று உண்டு. "புரிஞ்சதா?" என்று கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் உலகத்தில் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "என்ன புரிஞ்சது, சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். இதைக் கேட்காமல் விட்டதால் பிள்ளையார் இருக்க வேண்டிய இடத்தில் கடைக்காரர் படம் அச்சாகிப் போன கதையெல்லாம் எங்கள் அச்சகத்தில் உண்டு.

ஆனி மாதத்தில் மாமாவின் ஆலையில் சங்கடம் நடந்தது. என் வாயால் சொல்கிறேன்: வெடிமருந்துத் தட்டு உரசித் தீப்பிடித்து, ஜார்க்கண்டிலிருந்து வந்து வேலை பார்த்த ஒருவனுக்கு வலது கை வெந்துவிட்டது. மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவன் மனைவியும் இதே ஆலையில் பட்டாசு அடைக்கும் பெட்டி ஒட்டுகிறவள். அவளுடைய அண்ணனும் இங்கேதான் வேலை. உள்ளூர் ஆட்கள் இந்த வேலைக்கு வரக் குறைந்துபோனதும் ஏஜென்ட் ஒருவர் கூட்டிவந்த கூட்டம் அது.

ஆடி பிறந்த பிறகு ஒரு காலையில் மாமா போன் செய்தார்.

"தாயி, கொஞ்சம் ஆலைக்கு வந்துட்டுப் போத்தா. நாளைக்குச் சூலக்கரையில லேபர் ஆபீசர் அந்தப் பெட்டி ஒட்டுற பிள்ளைய விசாரிக்கணும்கிறாக. ஏஜென்ட் வேண்டாம், பாஷை தெரிஞ்ச வேற ஆளக் கூட்டியாங்கன்னு சொல்லிட்டாக. நீ இருக்கும்போது நான் எதுக்கு வேற ஆளத் தேடணும்?"

"நான் உங்க சொந்தம் மாமா. ஆபீசர் ஒத்துக்கிடுவாகளா?"

"சொந்தம்கிறது நம்ம நெத்தியிலயா எழுதியிருக்கு? வாத்தா."

விஷயம் இதுதான். புருஷனைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விடுகிறோம், எங்கள் விருப்பத்தில்தான் போகிறோம் என்று அவள் ஆபீசரிடம் சொல்ல வேண்டும். ஆள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்வரை கேள்வி கேட்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஆள் ரயில் ஏறிவிட்டால் எல்லாம் ஆறிவிடும். சீசன் தலைக்கு மேல் நிற்கிறது. அவள் அப்படிச் சொல்ல முன்கூட்டியே பேசி வைப்பதற்குத்தான் என்னை அழைத்திருந்தார்.

எங்கள் வீடு இருக்கும் ஆமத்தூரிலிருந்து ஆலை வேனிலேயே போனேன். கேட்டில் வாட்ச்மேன் எல்லோருடைய போனையும் வாங்கி ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டினார். பட்டாசு ஆலைக்குள் போன் கூடாது. அது நல்ல விதிதான். மாமாவின் போன் மட்டும் ஆபீஸ் மேஜைவரை வரும்.

ஆபீஸ் அறையில் சாமி படங்களுக்குக் கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாமா நாற்காலியில். பக்கத்தில் ஏஜென்ட். சூரத்தில் சில வருஷம் துணிக்கடையில் நின்றவர், விலை சொல்லவும் விலை குறைக்கவும் போதுமான இந்தி அவரிடம் உண்டு. சுவரோரமாக அந்தப் பெண் நின்றாள். நான் நினைத்ததைவிடச் சிறியவள். அவளுடைய அண்ணன் கைகட்டி நின்றான். அவர்களுக்கு உட்கார எதுவும் போடவில்லை. நான்தான் இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டேன். மாமா அதைப் பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்தார்.

அவளிடம் முதலில் நானே பேசினேன். நான் முதலாளிக்கு உறவு. அதை நீ தெரிந்துகொள். ஆனாலும் அவர் சொல்வதை உனக்கு அப்படியே சொல்வேன், நீ சொல்வதை அவருக்கு அப்படியே சொல்வேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். என்னைப் பார்க்காதே, அவரைப் பார்த்துப் பேசு. இதையே தமிழில் மாமாவிடமும் சொன்னேன்.

"சரிதாத்தா, கோர்ட்டு மாதிரியில்ல பேசுத" என்று சிரித்தார்.

வீட்டில் என்ன பாஷை பேசுவீர்கள் என்று அவளிடம் கேட்டேன். இந்தி இல்லை என்றாள். அவர்கள் மலைப் பக்கத்தில் வேறு பாஷை. இந்தி, சந்தைக்கும் பஸ்ஸுக்கும் பேசுவது. அண்ணனுக்கு அவளைவிடக் கொஞ்சம் கூடுதலாக வரும். அப்படியென்றால் இங்கே இந்தி என்பது எனக்கும் இரவல், அவளுக்கும் இரவல். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன்.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "இந்தா பாரும்மா, நீங்கள்லாம் நம்ம பிள்ளைக மாதிரி. ஏதோ நம்ம நேரம், ஒரு சங்கடம் ஆகிப்போச்சு. கடவுள் புண்ணியத்துல பெரிசா ஒண்ணும் இல்ல. இனிமே அங்கன கிடந்து கஷ்டப்பட வேண்டாம். சொந்த ஊர்ல போய் நிம்மதியா இருங்க. டிக்கெட்டெல்லாம் நம்ம பொறுப்பு. மத்ததெல்லாம் ஊர்லயே பாத்துக்கிடலாம்."

நான் கையைக் காட்டி நிறுத்தினேன். "மாமா, சங்கடம்னு சொன்னா அவளுக்கு விளங்காது. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. 'மத்ததெல்லாம்'னா எது?"

"அதான்த்தா. அந்தச் சங்கடத்துல மிச்சம் இருக்குறது."

"மிச்சம் இருக்குறது என்ன?"

மாமா விளக்கைப் பார்த்தார். ஏஜென்ட் என் பக்கம் சாய்ந்து, "அதெல்லாம் நான் ஏற்கெனவே சொல்லிட்டேன்மா. சம்மதிச்சிட்டாக. நீங்க டிக்கெட்டு விஷயத்த மட்டும் சொல்லுங்க" என்றார்.

நான் அவர் சொன்னதையும் அவளிடம் அப்படியே இந்தியில் சொன்னேன். ஏஜென்டின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. இரண்டு பக்கமும் பேசத் தெரிந்த ஒரே ஆளாக இவ்வளவு காலம் இருந்தவர், தன் சொல் தன்னிடமே திரும்பி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பிறகு சொன்னேன்: முதலாளி 'மற்றதெல்லாம்' என்கிறார். அது என்ன என்று எனக்குத் தெரியாது. கேட்டேன், அவர் இன்னும் சொல்லவில்லை. உனக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள்? உன் வார்த்தையில் சொல்.

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். மெதுவாகச் சொன்னாள். டாக்டர் வேலை முடிந்துவிட்டது. கையில் புண் ஆறிக்கொண்டிருக்கிறது. இனி கட்டு மாற்றினால் போதும். கட்டு மாற்ற எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கம்பவுண்டர் இருக்கிறார். முதலாளி நல்லவர், டிக்கெட் கொடுக்கிறார்.

இதைத் தமிழில் சொன்னேன். மாமாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைப் பார்த்ததும்தான் எனக்குச் சந்தேகம் வந்தது.

"டாக்டர் வேலை முடிஞ்சிருச்சா மாமா?"

"முடிஞ்ச மாதிரிதான்."

"மாதிரின்னா?"

"ஏலே, என்னலே இது?" என்று ஏஜென்டின் மேல் எரிந்து விழுந்தார். என்மேல் விழ வேண்டியது அது. பிறகு என்னிடம் குரலைத் தாழ்த்தி, "அடுத்த வாரம் ஏதோ ஒண்ணு செய்யணும்கிறாக தாயி. அந்தத் தோலு... அது... இங்கன வச்சுப் பேசாத. விளக்கு எரியுது" என்றார்.

"அதச் சொல்லாம நான் எப்படி மாமா மொழிபெயர்க்க?"

"அப்படிப் பேசியே ஆகணும்னா கேட்டுக்கு வெளிய போய்ப் பேசிக்கோங்க. இந்த ரூமுக்குள்ள ஆகாது."

எனக்கு வந்த அருவருப்பை எப்படிச் சொல்ல? ஒருத்தியின் புருஷனுடைய கையை வைத்துப் பேரம் நடக்கிறது. பேரத்தில் என்ன பொருள் கைமாறுகிறது என்பதை மட்டும் சொல்லக் கூடாதாம். சொன்னால் தொழிலுக்கு ஆகாதாம். பயபக்தி என்று நான் ஒருகாலத்தில் நினைத்தது, எவ்வளவு வசதியான பக்தி! அழுகிய கத்தரிக்காயை நல்ல காய்க்கு அடியில் போட்டுத் தலையில் கட்டுகிறவன்கூட, காயென்று சொல்லித்தான் விற்கிறான்.

எழுந்து வெளியே வந்தேன். அவளும் அண்ணனும் கூட வந்தார்கள். ஏஜென்ட் பின்னாலேயே வந்தார். வாட்ச்மேனிடம் போன்களை வாங்கிக்கொண்டு, சாலைக்கு அந்தப் பக்கம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளுடைய அண்ணனிடம் வார்டு நர்சின் நம்பர் இருந்தது. அவளையே பேசச் சொன்னேன், அவள்தானே மனைவி. தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொல்லில் தன் புருஷன் பெயரைச் சொல்லி, டாக்டரிடம் பேச வேண்டும் என்றாள். நர்சுக்கு அவள் குரல் தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தோம். டாக்டர் வந்தார், பெண் குரல். ஸ்பீக்கரில் போட்டேன்.

மொழிபெயர்க்கிறவள் நான், மனைவி பக்கத்தில் இருக்கிறாள், துண்டு துண்டாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். புறங்கையில் வெந்தது ஆழம். அது தானாகச் சரியாக ஆறாது. தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்ட வேண்டும். அடுத்த வாரம் செய்யலாம் என்று இருக்கிறோம். செய்யாமல் விட்டால் ஆற மாதக்கணக்காகும், தழும்பு இறுகி விரல்கள் வளைந்துபோகும். இந்தக் கையோடு ரயிலில் இவ்வளவு தூரம் போனால் சீழ் பிடிக்கும் பயமும் உண்டு. ஒட்டிய பிறகும் உடனே அனுப்ப மாட்டோம். கைக்குப் பட்டை வைத்துக் கட்டுவோம், பயிற்சி கொடுப்போம். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஒவ்வொன்றையும் நான் இந்தியில் சொன்னேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. டாக்டர் என்ன சொன்னார், உன் வார்த்தையில் சொல் என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கை போய்விட்டது, அதற்காகக் காலையும் வெட்டப் போகிறார்கள் என்றாள்.

டாக்டரிடம் அதை அப்படியே சொன்னேன். "ஐயோ இல்லம்மா" என்றார். சப்பாத்திக்கு மேல் ஏடு பிரிகிறதல்லவா, அப்படி மெல்லிசாகத்தான் எடுப்போம், எடுத்த இடம் ஆறிவிடும், நடக்கலாம் என்று சொல்லச் சொன்னார். நான் சொன்னேன். அண்ணன் அதைத் தங்கள் பாஷையில் அவளுக்கு விளக்கினான், தன் தொடையைத் தொட்டு, புறங்கையைத் தொட்டு. மறுபடி அவளைச் சொல்லச் சொன்னேன். இந்த முறை சரியாகச் சொன்னாள். காலிலிருந்து மெல்லிசாகத் தோல் எடுப்பார்கள். கையில் வைப்பார்கள். கால் ஆறிவிடும். வைக்காவிட்டால் விரல் இப்படி ஆகும் என்று தன் விரல்களை மடக்கிக் காட்டினாள். பிறகு, யாரும் கேட்காமல், அவளே ஒரு கேள்வி கேட்டாள். இதை எங்கள் ஊரில் செய்வார்களா?

பெரிய நகரத்து ஆஸ்பத்திரியில் செய்வார்கள், அங்கே போய்ச் சேர்வதற்குள் கையின் நிலைமை மாறிவிடும், இங்கே எல்லாம் தயாராக இருக்கிறது, முடிவு உங்கள் இருவருடையது என்றார் டாக்டர்.

போனை வைத்ததும் அவள் ஏஜென்டைப் பார்த்தாள். அவர், "நான் பூசிமெழுகித்தான் சொன்னேன்மா, பயந்துரக் கூடாதுன்னுதான்" என்று என்னிடம் தமிழில் சொன்னார். அதையும் இந்தியில் சொன்னேன். அவள் தலையைத் திருப்பிச் சாலையில் துப்பினாள். எனக்கும் துப்ப வேண்டும்போலத்தான் இருந்தது. டீக்கடைக்காரர் எல்லோருக்கும் டீ கொடுத்தார். ஏஜென்டுக்கும்தான்.

ஆபீசுக்குத் திரும்பினோம். இந்த முறை அவள் ஸ்டூலில் உட்காரவில்லை, மேஜைக்கு நேரே நின்றாள். மாமாவைப் பார்த்துப் பேசினாள். நான் பக்கத்தில் கொஞ்சம் பின்னால் நின்றுகொண்டேன். அவள் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் முறை.

"என் புருஷன் கை தீயில வெந்துருக்கு" என்றேன்.

மாமா நாற்காலியில் நிமிர்ந்தார். "தாயி!"

"நான் இல்ல மாமா, அவ சொல்றா." அவளைத் தொடரச் சொன்னேன். "அடுத்த வாரம் ஆபரேஷன். தொடையில தோல் எடுத்துக் கையில ஒட்டுவாக. இதை என்கிட்ட யாரும் சொல்லல. ஆபரேஷன் பண்ணாட்டி விரல் மடங்கிப் போகும். மடங்குன விரலோட அவர் எந்த வேலையும் பாக்க முடியாது. டாக்டர் போகலாம்னு சொல்ற வரைக்கும் நாங்க மதுரையிலதான் இருப்போம். நான் அவர்கூட இருக்கணும். என் இடம் இங்க அப்படியே இருக்கணும். நாளைக்கு ஆபீசர் கேட்டா இதைத்தான் சொல்லுவேன்."

மாமா சட்டென்று எழுந்து, டப்பாவைத் திறந்து ஒரு கட்டி சூடத்தை எடுத்தார். சாமி படத்துக்கு முன்னால் ஏற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒரு பெண் தன் புருஷனின் கையைக் கேட்டு நிற்கிறாள், இவர் காதில் விழுந்த சொல்லுக்குப் பரிகாரம் செய்கிறார். அத்தனை பேருக்கு முன்னால் அவர் சூடம் காட்டிய அந்த நிமிஷத்தில் எனக்கு அவரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அதற்கப்புறம் அவர் வீட்டு விசேஷத்தில் அவர் கையால் ஒரு சந்தனம்கூட நான் வாங்கியதில்லை.

உட்கார்ந்ததும் என்னிடம் பேசினார், அவளிடம் இல்லை. "நீ நம்ம வீட்டுப் பிள்ளையா, அவுக வீட்டுப் பிள்ளையா?"

அதையும் மொழிபெயர்த்தேன்.

அவளுடைய அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தான். அவன் சத்தம் போடவில்லை. அவரைக் கட்டாயப்படுத்தி அனுப்பினால் நாங்கள் எல்லோரும் அதே ரயிலில் ஏறுவோம் என்றான். எல்லோரும் என்றால் யார் என்று மாமாவுக்காக நானே அவனிடம் திருப்பிக் கேட்டேன். எங்கள் மலையிலிருந்து வந்த எல்லோரும், நேற்றே பேசிவிட்டோம் என்றான். தமிழில் சொன்னேன். சீசன் தலைக்கு மேல் நின்றது. லாரிக்காக லோடு காத்துக்கொண்டிருந்தது. ஏஜென்ட் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

மாமா மேஜைக் கண்ணாடியைத் தடவினார். "சரி, இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.

"எதுவரைக்கும் மாமா?"

"சங்கடம் தீர்ற வரைக்கும்."

"அப்படிச் சொன்னா எனக்கு மொழிபெயர்க்கத் தெரியாது. நீங்க எதுக்கு ஒத்துக்கிட்டீக, ஒரு தடவை சொல்லுங்க."

"எனக்கென்ன தமிழ் தெரியாதா? என்னையும் ஒப்பிக்கச் சொல்றியா?"

"அவளையும் ரெண்டு தடவை சொல்லச் சொன்னேன் மாமா. ரெண்டு பக்கத்துக்கும் ஒரே முறைதான்."

அவர் விளக்கைப் பார்த்தார். நான் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன். "இங்க சொல்ல முடியாதுன்னா வாங்க, கேட்டுக்கு வெளிய போவோம்."

அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கேட்டைத் தாண்டி, டீக்கடைக்கு எதிரே, முதல் ஷிப்டு முடிந்து வேனுக்காக நின்றுகொண்டிருந்த ஆட்களுக்கு நடுவே வந்து நின்றார். எங்கோ மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஆபரேஷன் இங்கதான். டாக்டர் போகலாம்னு சொல்ற வரைக்கும் மதுரையில இருக்கட்டும். பொண்டாட்டியும் கூட இருக்கட்டும். அவ வேலை இங்கன அப்படியே இருக்கும். போதுமா?"

'போதுமா'வையும் விடாமல் இந்தியில் சொன்னேன். அவள் தன் வார்த்தையில் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். போதும் என்றாள். மறுநாள் சூலக்கரையில் ஆபீசரிடம் முதலில் நான் இன்னாருக்கு உறவு என்று சொல்லிவிட்டேன். அவர் பக்கத்து ஆபீசில் இந்தி தெரிந்த ஓர் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அந்தப் பெண் அவரிடமும் அதே சொற்களைத்தான் சொன்னாள். எனக்கு அங்கே வேலையே இருக்கவில்லை.

ஆபரேஷன் நடந்தது. அவன் விரல்கள் முழுதாக மடங்கவில்லை, முழுதாக நீளவும் இல்லை. டம்ளரைப் பிடிக்கிறான், சட்டைப் பித்தான் போடுகிறான். இன்னும் மதுரைக்குப் பயிற்சிக்குப் போய்வருகிறான். அவள் ஆலைக்குத் திரும்பிவிட்டாள். மாமா ஊரெல்லாம், "அனுப்பிருக்கலாம், மனசு கேக்கல, வச்சுப் பாத்தேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் காதுபடவே சொன்னார். இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டேன்.

தீபாவளி முடிந்து புது ஆட்கள் வந்து இறங்கினார்கள். மாமா என்னைக் கூப்பிடவில்லை. கணவர் கொடுத்தனுப்பிய எதையோ மாமாவிடம் கொடுக்க நானே அந்தப் பக்கம் போயிருந்தேன். ஆபீஸ் அறையில் புதியவர்கள் வரிசையாக நின்றார்கள். பழைய ஆட்களில் சிலரும் ஓரமாக நின்றார்கள், அவளும் அவர்களில் ஒருத்தி. மேஜையில் மாமாவின் போன்.

"வாத்தா, வா" என்றார் உற்சாகமாக. "இங்க பாரு. தமிழ்ல சொன்னா இதுவே இந்தியில பேசுது. இந்தியில சொன்னா தமிழ்ல பேசுது. யாரையும் எதிர்பாக்க வேண்டியதில்ல. முக்கியமா ஒண்ணு, இது திருப்பிக் கேள்வி கேக்காது."

போனை வாயருகே கொண்டுபோய், "எல்லாரும் நம்ம பிள்ளைக மாதிரி. பத்திரமா வேலை பாருங்க. ஒரு சங்கடமும் வரக் கூடாது" என்றார். போன் ஏதோ இந்தி சொன்னது. சங்கடத்தை 'சின்னத் தொந்தரவு' என்று சொன்னது. வரிசை முழுவதும் தலையாட்டியது. மாமா என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார்.

அப்போது அவள் ஓரத்திலிருந்து நடந்துவந்தாள். மேஜைக்கு நேரே நின்றாள். குனிந்து, போனைப் பார்த்து, தன் சந்தை இந்தியில், சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசினாள்.

போன் ஒரு நொடி யோசித்தது. பிறகு விளக்குக்கும் சாமி படங்களுக்கும் முன்னால், எந்தக் கூச்சமும் இல்லாத ஒரு குரலில், அறை முழுக்கக் கேட்கும்படி தமிழில் சொன்னது:

"ஐயா, எங்கள் வேலை அறையின் பின்கதவை அடைத்துப் பெட்டிகள் அடுக்கி வைத்திருக்கிறீர்கள். தீப்பிடித்தால் நாங்கள் எந்த வழியாக ஓடுவது? சொல்லுங்கள். நான் திருப்பிச் சொல்கிறேன்."

மாமா போனைக் குப்புறக் கவிழ்த்தார். கை தானாகச் சூட டப்பாவைத் தேடியது. அவள் அங்கேயே நின்று அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.